ஸ்டைல் டிரான்ஸ்ஃபரும் டிஃப்யூஷனும்: இடத்தை மறக்கும் முறை, விவரத்தை மறக்கும் முறை

ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், நெக்கர் ஆற்றங்கரை வீடுகளின் புகைப்படத்தை வான் கோவின் ‘தி ஸ்டாரி நைட்’ ஓவியத்தின் பாணியில் மாற்றிக் காட்டியது, கேட்டிஸ், எக்கர், பெத்கே ஆகிய மூவர் 2015இல் வெளியிட்ட ஸ்டைல் டிரான்ஸ்ஃபர் ஆய்வு. அதே புகைப்படத்தை இன்று படங்களை உருவாக்கும் ஒரு டிஃப்யூஷன் மாதிரியிடம் கொடுத்து அதே பாணியைக் கேட்டால், கிடைக்கும் படம் வேறு வகையில் அழகாகவும் வேறு வகையில் பிழையாகவும் இருக்கும். உள்ளடக்கம் எது, பாணி எது என்ற கோட்டை இரண்டும் வெவ்வேறு இடத்தில் கிழிப்பதே இதற்குக் காரணம்.

கேட்டிஸின் முறையில் எந்த நரம்பு வலைப்பின்னலும் புதிதாகப் பயிற்றுவிக்கப்படுவதில்லை. பொருள்களை அடையாளம் காணப் பழக்கப்பட்ட வி.ஜி.ஜி.-19 என்னும் வலைப்பின்னல் அப்படியே இருக்க, வெளியீட்டுப் படத்தின் பிக்சல்கள்தாம் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. உள்ளடக்கத்துக்கு, புகைப்படத்துக்கும் வெளியீட்டுக்கும் conv4_2 என்னும் அடுக்கில் கிடைக்கும் எண்கள் நேரடியாக ஒப்பிடப்படுகின்றன. 512×512 படத்துக்கு அந்த அடுக்கு 64×64 கட்டங்களாகச் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 512 எண்கள் உண்டு. எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்பது அங்கே காக்கப்படுகிறது. சுவரின் துல்லியமான நிறமோ தூரிகைத் தடமோ அவ்வளவாகக் காக்கப்படுவதில்லை.

பாணிக்கு, conv1_1 முதல் conv5_1 வரையிலான ஐந்து அடுக்குகளில் கிராம் அணி கணக்கிடப்பட்டு, ஓவியத்தின் கிராம் அணியோடு ஒப்பிடப்படுகிறது:

```
G_ij = Σ_k F_ik · F_jk
```

இதில் k என்பது கட்டத்தின் இடம். i, j என்பவை இரண்டு அம்சங்கள்; F_ik என்பது k இடத்தில் i அம்சத்தின் எண். ஓர் அம்சம் மஞ்சளுக்கும் மற்றொன்று வளைந்த கோட்டுக்கும் துலங்குவதாகக் கொள்வோம். இரண்டே கட்டங்கள் உள்ள படத்தில், முதல் கட்டத்தில் இரண்டும் 1 என்றும் அடுத்ததில் இரண்டும் 0 என்றும் இருந்தால், கூட்டுத்தொகை 1. மஞ்சள் ஒரு கட்டத்திலும் வளைவு மறு கட்டத்திலும் பிரிந்திருந்தால், ஒவ்வொன்றின் அளவும் மாறாதிருந்தும் கூட்டுத்தொகை 0. ஆக, ‘மஞ்சளும் வளைவும் சேர்ந்தே வருகின்றன’ என்பதை அணி அறிகிறது. கட்டங்களை இடம் மாற்றி அடுக்கினாலோ அது எதையும் உணராது. இடத்தைக் கூட்டிக் கரைத்துவிட்ட பின் எஞ்சுவதே இம்முறை பாணி என்று கொள்வது. சற்று முரட்டுத்தனமான வரையறைதான், ஆனால் வியக்கத்தக்க அளவு வேலை செய்கிறது.

இதன் பிழையும் இங்கிருந்தே பிறக்கிறது. வானத்துச் சுழல் வானத்துக்கு உரியது என்பது அணிக்குத் தெரியாததால், கூரையிலும் தண்ணீரிலும் முகத்திலும் சுழல் படியும். நிலவின் மஞ்சள், சுவரில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் வீட்டின் சன்னல்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்; படத்தில் இல்லாத கோபுரம் ஒன்று முளைக்காது.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாதிரிகளில் பாணிக்கென்று தனிக் கணக்கு இல்லை. 512×512 படம் அங்கும் 64×64 கட்டங்களாகச் சுருக்கப்படுகிறது. ஆனால் கட்டத்துக்கு நான்கே எண்கள். அதன்மேல் தாறுமாறான எண்களாலான இரைச்சல் சேர்க்கப்பட்டு, எழுதிக் கொடுத்த வாசகத்தின் வழிகாட்டுதலில் படிப்படியாக நீக்கப்படுகிறது. எவ்வளவு இரைச்சல் என்பதை strength என்னும் அளவு தீர்மானிக்கிறது: 50 படிகளில் 0.6 என்றால் கடைசி 30 படிகள் மட்டும் ஓடும். இயல்பான படங்களில் நுண்விவரங்களின் ஆற்றல் குறைவு என்பதால் இரைச்சலில் முதலில் மூழ்குபவை அவையே. வானம் மேலே, வீடு நடுவே, ஆறு கீழே என்னும் பெரிய அமைப்பு கடைசியில்தான் அழியும். எனவே இங்கே ‘உள்ளடக்கம்’ என்பது இரைச்சலுக்குத் தப்பிய பேரமைப்பு மட்டுமே. தூரிகைத் தடம், சன்னல் சட்டம், பெயர்ப்பலகை எழுத்து ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் அழிந்து, பயிற்சியில் கற்றதைக் கொண்டு புதிதாக வரையப்படுகின்றன.

வானம் எப்படி இருக்கும் என்று மாதிரி கற்றிருப்பதால் சுழல் வானத்திலேயே அமைகிறது. முகம் முகமாக நிற்கிறது. ஆனால் strength கூடக் கூட, சன்னல்களின் எண்ணிக்கை மாறுகிறது. வான் கோவின் ஓவியத்திலுள்ள பிறை நிலவும் சைப்ரஸ் மரமும் கேட்காமலே வந்து நிற்கக்கூடும். அந்தப் பாணியும் அந்தப் பொருள்களும் பயிற்சியில் சேர்ந்தே வந்தவை. மாதிரி அவற்றைப் பிரித்துக் கற்கவில்லை. படத்தைப் பார்த்து முறையைக் கண்டறிய வேண்டுமானால், சன்னல்களை எண்ணுவதும் வெற்றுச் சுவரில் வானத்தின் சுழல் படிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல தடயங்கள்.

குறிப்பிட்ட ஒரு கித்தானின் தூரிகைத் தடத்தை அப்படியே பெயர்க்க வேண்டுமென்றால் நான் இன்றும் பழைய முறையையே தேர்ந்தெடுப்பேன். ஓர் ஓவியர் இந்த ஊரை எப்படி வரைந்திருப்பார் என்ற கேள்விக்கு டிஃப்யூஷனை. 2023இல் வந்த கன்ட்ரோல்நெட் என்னும் துணை வலைப்பின்னல், புகைப்படத்தின் விளிம்புக் கோடுகளைத் தனியாக ஊட்டி, இழந்த இடத்தை ஓரளவு மீட்டுத் தருகிறது. சன்னல் சட்டங்கள் அதனால் நிலைபெறுகின்றன. விளிம்பாகப் பிடிபடாத மங்கிய நிழலும் சுவரின் தேய்மானமும் அப்போதும் புதுக் கற்பனையாகவே வருகின்றன.