ஏசியின் அடிப்பாதியில் மட்டும் பனி: ஆறு வருடப் பாவனையில் கண்டது

வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. படுக்கையறையில் 12,000 பிடியூ ஸ்பிளிட் ஏசி பூட்டி ஆறு வருடமாகிறது. இன்வேட்டர் இல்லாத வகை, உள்ளே ஆர் 410ஏ காஸ். முதல் நான்கு வருடமும் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் வருட மார்ச் வெக்கையில்தான் அறை குளிர நேரம் எடுக்கத் தொடங்கியது. முன்பு இருபது நிமிடத்தில் நிற்கும் கொம்பிரசர் விடிய விடிய ஓடியது, கரண்ட் பில்லும் ஏறியது. விடியப்புறம் ஏசியை நிற்பாட்டியதும் உள் யூனிட்டின் கீழ் விளிம்பால் தண்ணீர் சொட்டியது.

முன்மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். கொயிலின் அடியிலிருந்த நாலைந்து குழாய் வரிகளில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. அதற்கு மேலே தகடுகள் காய்ந்து கிடந்தன. கையை வைத்தால் குளிர்ச்சியே இல்லை.

முதலில் திருத்த வந்தவர் “ஊத்தை அடைச்சிருக்கு” என்று பில்டரையும் கொயிலையும் கழுவினார். பத்து நாளில் அதே இடத்தில் அதே பனி. இரண்டாம் முறை வந்து காஸ் ‘டொப்அப்’ பண்ணினார். மூன்று மாதம் நன்றாக ஓடியது, பிறகு மீண்டும் அடியில் வெள்ளை. இரண்டு தடவையும் காசு கொடுத்தது எனக்குப் பெரிய ஆதங்கம். ஊத்தை அடைத்துக் காற்றோட்டம் குறைந்தால் பனி அநேகமாகக் கொயில் முழுவதும் பரவிப் படியும். ஒரு ஓரத்தில் மட்டும் படிந்தால் அது வேறு கதை. அதை எனக்கு விளக்கியவர் மூன்றாவதாக வந்த தம்பி.

என் யூனிட்டில் திரவக் காஸ் கொயிலுக்குள் நுழைவது அடியால். காஸ் அளவாக இருந்தால் அது கொயில் நெடுகக் கொதித்து ஆவியாகிக்கொண்டே போகும்; எல்லா வரியும் ஒரே மாதிரிக் குளிர்ந்து வியர்க்கும். காஸ் குறைந்தால் உள்ளே அழுத்தம் விழும், அழுத்தம் விழுந்தால் கொதிக்கும் வெப்பநிலையும் விழும். கொஞ்சமாக வருகிற திரவம் முதல் சில வரிகளிலேயே பூச்சியத்துக்குக் கீழான குளிரில் கொதித்து முடிந்துவிடும். அங்கே கொழும்பின் ஈரக்காற்று பட்டதும் பனியாகும். மேலே போவது வெறும் ஆவி, அதனால் அறையின் சூட்டை இழுக்க முடியாது.

அந்தத் தம்பி அழுத்தம் அளக்கும் கேஜைப் பூட்டியபோது கொம்பிரசர் ஓடிக்கொண்டிருக்க 70 பிஎஸ்ஐ காட்டியது. ஆர் 410ஏக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 10 பாகை. 100 பிஎஸ்ஐ அளவில்தான் பூச்சியம் பாகை. நல்ல நிலையில் அதற்கு மேலே, 120 பக்கம் நிற்க வேண்டும் என்றார். வெளி யூனிட்டையும் காட்டினார். மெல்லிய குழாயின் வால்வில் பனி. வியர்த்திருக்க வேண்டிய தடித்த குழாய் காய்ந்திருந்தது.

“காஸ் எரிஞ்சு முடியிற சாமான் இல்லை அண்ணை. குறைஞ்சால் எங்கேயோ வெளியாலை போகுது.”

தடித்த குழாயை யூனிட்டோடு பூட்டும் பிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை இருந்தது. சவர்க்கார நுரை பூசியதும் மெதுவாகக் குமிழி வந்தது. மிச்சக் காஸை வேறு சிலிண்டருக்கு இழுத்துத் தராசில் நிறை பார்த்தார்: 540 கிராம். பெயர்த்தகட்டில் இருந்தது 900. வெடித்திருந்த குழாய் வாயை வெட்டி, புதிதாக விரித்துப் பிளேர் அடித்து, நைட்ரஜன் ஏற்றி இரண்டு மணித்தியாலம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் வெக்கியூம் போட்டு, தராசில் வைத்து 900 கிராம் ஏற்றினார். ஆர் 410ஏ இரண்டு காஸ்களின் கலவை என்பதால் சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாகவே விட்டார்.

இந்த அடையாளத்தைப் பார்க்கிறவர்கள் ஏசியைப் போட்டுப் பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் பாருங்கள். இரவு முழுக்க ஓடினால் பனிக்கட்டியே காற்றை மறித்து, மெல்ல மெல்ல மேலேயும் ஏறும். அப்போது ஊத்தைப் பிரச்சினை போலவே தெரியும். சில மொடல்களில் காஸ் நுழைவது மேலாலோ பக்கத்தாலோ என்பதால் பனியின் இடமும் மாறும். கொயிலுக்குக் காஸை அளவாக விடும் கெப்பிலரி என்ற நுண்குழாய் பாதி அடைபட்டாலும் கொயிலில் இதே கோலம்தான் வரும். அதனால் பனியை மட்டும் வைத்துக் காஸ் ஏற்றச் சொல்லாதீர்கள், காஸின் நிறையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பனியோடு தொடர்ந்து ஓட விடுவதும் நல்லதல்ல. திரும்பி வரும் குளிர்ந்த ஆவியில்தான் கொம்பிரசர் ஆறுகிறது, அது குறைந்தால் சூடேறிப் பழுதாகும்.

திருத்தி பதினாலு மாதம். மாதத்தில் ஒருநாள் மூடியைத் திறந்து பார்க்கிறேன்: அடி முதல் நுனி வரை ஒரே சீராக ஈரம். கடல் உப்புக்கு அந்த நட்டு தாங்குமா என்ற பயத்தில், சேர்விஸ் நாளில் அதற்கு மட்டும் நுரை பூசிப் பார்க்கச் சொல்கிறேன். இதுவரை குமிழி இல்லை.