தட்டி நிமிர்த்துவதா, மூடி வைத்துவிட்டுச் சொல்வதா?

சேலம் கோரிமேட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் மச்சான், மலைப்பாதையில் வண்டி இறக்குவது பற்றிய ஓர் ஆங்கிலக் குறிப்பை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழாக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகிற பசங்கதான் அவருடைய வாடிக்கையாளர்கள். கடை வாட்ஸப் குழுவில் போட்டால் நாலு பேருக்கு அனுப்ப வேண்டும், அந்த மாதிரி மாற்றிக் கொடு என்றார்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கருவி தந்த தமிழை வைத்துக்கொண்டே வரிக்கு வரி தட்டி நிமிர்த்துவது. மற்றது, அதைப் படித்து விஷயத்தை வாங்கிக்கொண்டு, மூடி வைத்துவிட்டு, எதிரில் ஒரு ஆளை உட்காரவைத்து வாயால் சொல்வது. சொன்னதை ஃபோனில் பதிவு செய்து, கேட்டு எழுதுவது. கருவியிடமே பேச்சுத் தமிழ் கேட்பது மூன்றாவது வழி என்பார்கள். எனக்கு வந்ததில் முதல் வரி ‘நீங்க’, மூன்றாம் வரி ‘மச்சி, நீ’. அதையும் தட்டித்தான் நிமிர்த்த வேண்டும், ஆகவே அது முதல் வழியிலேயே அடங்கிவிடும்.

நான் இரண்டாவது வழியின் பக்கம். ஏன் என்பதற்கு அந்தக் குறிப்பையே பாருங்கள்:

‘செங்குத்தான சரிவுகளில் இறங்கும்போது பிரேக்குகளின் தொடர்ச்சியான பயன்பாடு அவற்றை அதிக வெப்பமடையச் செய்யலாம், இது பிரேக்கிங் செயல்திறன் இழப்பிற்கு வழிவகுக்கும். ஓட்டுநர்கள் குறைந்த கியரில் ஈடுபடுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.’

தட்டி நிமிர்த்தினால் இப்படி வரும்: ‘செங்குத்தான சரிவுல இறங்கும்போது பிரேக்க தொடர்ச்சியா பயன்படுத்துறது அத ரொம்ப சூடாக்கலாம், இது பிரேக்கோட செயல்திறன் குறையறதுக்கு வழிவகுக்கும். குறைஞ்ச கியர பயன்படுத்துமாறு சொல்றாங்க.’

விகுதியெல்லாம் பேச்சுக்கு வந்துவிட்டது, ஆனால் பேச்சு வரவில்லை. வேட்டியை இஸ்திரி போட்ட மடிப்போடு அப்படியே இடுப்பில் செருகியது போல நிற்கிறது. காரணம் சொற்கள் அல்ல, வாக்கியத்தின் எலும்பு. பிரேக் பிடிக்கிறவன் யார், கியர் மாற்றச் சொல்கிறவர் யார் என்று எங்கேயும் இல்லை. நடக்கிற காரியமெல்லாம் பயன்படுத்துறது, குறையறது என்று பெயராகி உறைந்து கிடக்கிறது. கமாவுக்குப் பிறகு வரும் அந்த ‘இது’ பிரேக்கையும் குறிக்கவில்லை, சூட்டையும் குறிக்கவில்லை, முன்னால் போன மொத்த வாக்கியத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. நாம் பேசும்போது அப்படி இழுப்பதில்லை. சூடேறிடும், சூடேறுனா பிடிக்காது என்று ஒரு வினையைச் சொல்லி அதையே பிடித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவுவோம். வரியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு திருத்துகிறவருக்கு இந்த எலும்பை உடைக்கக் கை வராது. சொல்லைத்தான் மாற்றுவார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் மச்சான் பையனை உட்காரவைத்துச் சொன்னேன். எழுதி எடுத்தபோது வந்தது இது:

‘ஏற்காட்டுல இருந்து இறங்கறப்ப பிரேக்கையே பிடிச்சுட்டு வராதீங்க. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. விடாம பிடிச்சா சூடேறிடும். சூடேறுன பிரேக், எவ்வளவு அழுத்துனாலும் சரியா பிடிக்காம போகலாம். வளைவுக்கு முன்னாடியே செகண்டுக்கு இறக்கிட்டு ஆக்ஸிலேட்டர விட்டுடுங்க, என்ஜினே வண்டிய இழுத்துப் பிடிக்கும். பிரேக்க விட்டு விட்டுப் பிடிங்க.’

எதிரில் ஆள் இருப்பதால் இன்னொன்றும் நடக்கும்: அந்த ஆள் குறுக்கே கேட்பார். “ஸ்கூட்டிக்கு ஏது மாமா கியர்?” என்றான் பையன். கருவியின் தமிழைப் பலமுறை படித்திருந்தும் அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மச்சானைக் கேட்டோம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் இழுத்துப் பிடிப்பது குறைவு, அதனால் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக இறங்க வேண்டும், இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்றார். கருகின வாசம் வந்தாலோ, லீவர் மெத்தென்று உள்ளே போனாலோ ஓரமாக நிறுத்தி ஆறவிடச் சொன்னார். டிஸ்க் பிரேக்கில் ஆயில் கொதித்து ஆவியானால் லீவர் அப்படித்தான் போகுமாம். குழுவில் பாதிப் பேர் ஸ்கூட்டர்காரர்கள். பதிவில் அவர்கள் அதிகம் பகிர்ந்தது இந்தப் பகுதியைத்தான். ஒன்று முக்கியம்: இது மூலக் குறிப்பில் இல்லாதது. அதனால் ‘நம்ம மெக்கானிக் சொல்றது’ என்று தனியாகப் பிரித்துப் போட்டோம்.

சொல்லும் வழியில் ஆபத்தும் இருக்கிறது. ‘லாம்’கள் உதிர்ந்துபோகும். மூலத்தில் ‘வெப்பமடையச் செய்யலாம்’ என்றிருப்பது வாயில் ‘பிரேக்கே பிடிக்காது’ என்று ஆகிவிடும். மட்டும், தவிர, வரை போன்றவையும் அப்படித்தான். ஆகவே மூடி வைப்பதற்கு முன் எண்கள், ‘கூடாது’கள், நிபந்தனைகள் இவற்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வேன். எழுதி முடித்ததும் சீட்டோடு ஒத்துப் பார்ப்பேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது போன்ற இடத்தில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். பேச்சில் தலைகீழாகிவிட ரொம்ப நேரம் ஆகாது.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. ஃபோனில் பதிவானதில் பையன் ‘புடி’ என்கிறான், நானும் அப்படித்தான் சொல்கிறேன். குழுவில் போட்ட பதிவில் ‘பிடி’ என்றே எழுதினேன். வேர்ச்சொல்லைக் கண்ணுக்குப் பழகின வடிவில் விட்டுவிட்டு, இறங்கறப்ப, வராதீங்க, எவ்வளவு அழுத்துனாலும் என்று விகுதியில் மட்டும் பேச்சைக் காட்டினால் போதும். காதில் விழுவதையெல்லாம் அப்படியே எழுதினால் வாசிக்கிறவர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டி வரும். ஃபோனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் அதற்கு நிற்க மாட்டார். ‘வேற லெவல்’, ‘செம’ என்று மேலே தூவுவதும் வேண்டாம். சேலத்துப் பையன் கடைக்காரரிடம் எதிர்பார்ப்பது அந்த ‘ங்க’தான்.

தட்டி நிமிர்த்துவது ஜெயிக்கிற இடமும் உண்டு. பேருந்து நேரம், கட்டணம், விண்ணப்பத் தேதி என்று எண்களே பாதியாக இருக்கிற பதிவைச் சொல்லிப் பதிவு செய்வது வீண் வேலை. வாக்கியத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி, ‘படுகிறது’களை எடுத்தாலே போதும். நேரமும் பாதிதான் ஆகும். மருந்து அளவு, சட்ட நிபந்தனை மாதிரி விஷயங்களில் நான் இன்னும் சொல்லும் வழியை முயன்றதில்லை. அங்கே வரியை விட்டு விலகாமல் திருத்துவதுதான் எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. பக்கக் கணக்கில் நீளும் கட்டுரைக்கும் சொல்லும் வழி தாங்குமா என்பது சந்தேகம். நான் செய்தவை எல்லாம் ஒரு திரைக்குள் அடங்குகிற பதிவுகள்.

எந்த வழியில் போனாலும் முதல் வரியை மட்டும் கடைசியில் தனியாகப் பாருங்கள். வாட்ஸப்பில் நீளமான செய்தி பாதியில் வெட்டுப்பட்டு ‘மேலும் படிக்க’ என்று நிற்கும். தட்டித் திறக்க வைப்பது அதற்கு மேலே இருக்கிற வரிகள்தான். எங்கள் பதிவில் ‘மலைப்பாதைப் பாதுகாப்பு வழிமுறைகள்’ என்ற தலைப்பைத் தூக்கிவிட்டு, பிரேக்கையே பிடிச்சுட்டு வராதீங்க என்ற வரியை மேலே ஏற்றினோம்.