அம்பாறைக் கவுண்டரில் முதல் வார்த்தை: சிங்களமா, தமிழா?

கல்முனையிலிருந்து அம்பாறை நகரத்துக்கு அலுவலாகப் போனால், அரச அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் சிங்களவர். "ஆயுபோவன் மஹத்தயா" என்று தொடங்கினால் முகம் மலரும். ஆனால் பதில் வேகமான சிங்களத்தில் வரும், படிவமும் சிங்களத்திலேயே கைக்கு வரும். ஒருமுறை நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். கேட்ட பத்திரம் எதுவென்று விளங்காமல் மறுநாளும் பஸ் ஏறினேன்.

"வணக்கம்" என்றால் தமிழ் தெரிந்தவர் வரும்வரை காத்திருக்க நேரும். ஆனால் விளங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கலாம். 1987 முதல் தமிழும் அரசகரும மொழிதான்.

காணி, பிறப்புப் பதிவு என்றால் நான் வணக்கத்தில்தான் தொடங்குவேன். அடுத்ததாக, "தெமள புளுவன்த?", அதாவது தமிழ் முடியுமா என்று, அவர் மொழியிலேயே கேட்பேன். கடையில் சீனி வாங்க என் அரைகுறைச் சிங்களமே போதும்.