பழைய கிரயப் பத்திரத்தின் படம் வந்தால்: முழு மொழிபெயர்ப்பா, சுருக்கமா?

பழைய பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருவது என் வேலை. முன்பெல்லாம் தாளைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இப்போது கைப்பேசியில் எடுத்த படம்தான் வருகிறது, கூடவே ஒரு வரி: "இதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்." அந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் தரலாம். முழுவதையும் வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். பத்து வரியில் சாரத்தைச் சொல்லலாம். சாரத்தைச் சுருக்கிவிட்டு, சொத்து விவரத்தை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். நான் மூன்றாவதன் பக்கம். அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு பத்திரம்.

புனேயில் பிறந்து வளர்ந்த உறவுக்காரப் பையன் ஒருவன். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. கோவைப் பக்கம் அவனுடைய தாத்தா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தை மூன்று படங்களாக அனுப்பியிருந்தான். விஜய வருஷம் தை மாதம், அதாவது 1954 ஜனவரியில் எழுதியது. மடிப்பு விழுந்த தாள், நடுவில் கைப்பேசி விளக்கின் வெள்ளைத் திட்டு. "சுருக்கமாகச் சொன்னால் போதும், மாமா" என்றான்.

முழு மொழிபெயர்ப்பு ஏன் வேண்டாம் என்று தோன்றுகிறது என்பதற்கு அந்தப் பத்திரத்தின் நடுப்பகுதியே காரணம். விற்றவர் வாங்கியவரிடம் சொல்வதாக அது இப்படி ஓடும்: "இது முதல் தாங்களே சர்வ சுதந்திரமாயும், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாயும், புத்திர பௌத்திர பாரம்பரியமாயும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." இனி நிலம் உங்களுடையது, விற்கலாம், கொடுக்கலாம், பிள்ளை பேரனுக்கு விடலாம் என்பதுதான் பொருள். இதைத் தொடர்ந்து நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அஷ்டபோகங்கள் வரிசை கட்டும். புதையலும் நீரும் மரமும் கல்லும் சேர்ந்தே விற்கப்பட்டன என்று அர்த்தம். எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதிய வாசகம் இது. பக்கத்து ஊர்ப் பத்திரத்திலும் இதே இருக்கும். இதையெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டினால் படிப்பவன் இரண்டாம் பத்தியிலேயே களைத்துப்போவான், அவனுக்கு வேண்டியது இருக்கும் கடைசிப் பத்திக்கு வந்து சேரவே மாட்டான்.

ஆனாலும் முழு மொழிபெயர்ப்பிடம் ஒரு நேர்மை உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் அங்கே நின்றே ஆகவேண்டும். "இங்கு இரண்டு சொற்கள் தெளிவில்லை" என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போக வழியில்லை. சுருக்கத்தில் அந்த முட்டுக்கட்டை கிடையாது. தெரியாத இடத்தைத் தாண்டிக்கொண்டு வாக்கியத்தை அழகாக முடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. சில நேரம் எழுதுகிறவனுக்கே தெரியாது. சுருக்கத்தின் பெரிய ஆபத்து இதுதான் என்பது என் அனுபவம். நீளம் குறைவதால் வரும் இழப்பு இதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் பையனுக்கு நான் முதலில் அனுப்பிய சுருக்கம், தமிழில் சொன்னால் இது: "1954இல் உன் தாத்தா 1 ஏக்கர் 12 சென்ட் புஞ்சை நிலத்தை 1,500 ரூபாய்க்கு வாங்கினார். கிணற்றில் நாலில் ஒரு பங்கும், வழக்கமான தட உரிமையும் உண்டு. வில்லங்கம் இல்லை என்று விற்றவர் உறுதி சொல்லியிருக்கிறார்." படித்ததும் நிம்மதியாக இருந்தது என்று பதில் போட்டான். இரண்டு நாள் கழித்து அழைத்தான். பக்கத்துத் தோட்டக்காரர் வேலி போட்டுவிட்டார், உங்களுக்கு இந்தப் பக்கம் தடமே கிடையாது என்கிறார், பத்திரத்தில் எந்தப் பக்கம் என்று இருக்கிறதா என்று கேட்டான்.

நான் படத்தைத் திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தேன். "மாமூல் தட பாத்தியங்களும்" என்ற சொற்றொடர் பெரும்பாலான கிராமப் பத்திரங்களில் ஒரு சடங்காக வரும். என் கண் அதைப் பார்த்ததுமே "வழக்கமான தட உரிமை" என்று சுருக்கிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வரி இருந்தது: "௸ நிலத்துக்கு … புறமுள்ள 12 அடி அகலக் கிழமேல் தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போக வர உரிமையும்." அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில்தான் மடிப்பு. வடபுறமா, தென்புறமா? அந்த ஒரு சொல்தான் பையனின் பிரச்சினை. நானோ அந்த வரியையே "வழக்கமான" என்ற சொல்லுக்குள் புதைத்துவிட்டிருந்தேன்.

(அந்த ௸ என்ற குறி "மேற்படி" என்பதன் சுருக்கம். புதிதாகப் படிப்பவர்கள் அதை ஏதோ கையொப்பம் என்று விட்டுவிடுவார்கள். எந்த நிலத்தைப் பற்றி வரி பேசுகிறது என்பதே அந்தக் குறியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.)

அன்றிலிருந்து எதை விடலாம் என்பதற்கு ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வேறு ஊரின் வேறு நிலப் பத்திரத்தில் வைத்தால் பொருந்துமா? பொருந்தினால் சுருக்கலாம். இந்த நிலத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்றால் ஒரு சொல்லையும் தொடக் கூடாது. தானாதி விநியோக விற்கிரயம் எங்கும் பொருந்தும், போகட்டும். "மேற்குப் பக்கத்தில்", "12 அடி", "கிழமேல்" ஆகியவை இந்த நிலத்துக்கு மட்டுமே உரியவை.

இந்தச் சோதனையால் பத்திரத்தின் முன்பகுதியில் ஒதுங்குவது அதிகம், பின்பகுதியில் ஒதுங்குவது மிகக் குறைவு. கடைசியில் வரும் சொத்து விவரம், அதாவது சர்வே எண், மொத்தப் பரப்பு, அதில் எந்தப் பக்கத்தில் எவ்வளவு, நான்கெல்லை அல்லது கொங்கில் சொல்கிற சக்குபந்தி, கிணறு, தடம் எல்லாம் இந்த நிலத்துக்கே உரிய சொற்கள். "புஞ்சை ஏக்கர் 4.36க்கு மேற்குப் பக்கத்தில் 1.12" என்பதை "1 ஏக்கர் 12 சென்ட்" என்று சுருக்கினால் பரப்பு மிஞ்சும், இடம் தொலைந்துபோகும். எந்தப் பக்கத்துத் துண்டு என்பது தெரியாமல் எல்லையை யாரும் காட்ட முடியாது. அதனால்தான் அந்தப் பத்தியை மட்டும் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சுருக்கத்துக்குக் கீழே வைத்துவிடுகிறேன்.

வரிக்கு வரி என்றாலும் அங்கே பொருள் தெரிந்து செய்ய வேண்டும். அதே பத்திரத்தில் "கிணற்றிலும் கவலை வாரியிலும் 4ல் 1 பாகம்" என்று இருந்தது. கவலை என்பது மாடு பூட்டி நீர் இறைக்கும் ஏற்பாடு, பிற இடங்களில் கமலை என்பார்கள். வாரி என்பது இறைக்கும் மாடு ஏறி இறங்கும் சரிவு. அகராதியின் முதல் பொருளை எடுத்து, துயரத்தில் கால் பங்கு என்று மொழிபெயர்த்த ஒரு முழு மொழிபெயர்ப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாச் சொற்களும் இருந்தன, மாடு ஏறும் சரிவில் இருந்த உரிமை மட்டும் காணாமல் போயிருந்தது. முழுமை என்பதாலேயே சரியாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

சோதனைக்கு அகப்படாத இடங்கள் உண்டு, அவற்றில்தான் நான் அதிக நேரம் நிற்கிறேன். முதலாவது, விலை. "1,500 ரூபாய்" என்று ஓரிடத்தில் இருக்கும், சுருக்கத்துக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் இந்தப் பத்திரத்தில் அந்தத் தொகை பிரிந்து கிடந்தது: இன்னார் பேரில் உள்ள அடமானக் கடனுக்காக வாங்குபவர் வசம் விட்டது 600, ரொக்கமாகப் பெற்றது 900. நிலத்தின் மேல் ஏற்கெனவே ஓர் அடமானம் இருந்தது, அதைத் தீர்க்கும் பொறுப்பு தாத்தா தலையில் வந்தது என்பதை விலைப் பத்திதான் சொல்கிறது. பின்னால் "வில்லங்கம் எதுவும் இல்லை" என்று வரும் வாசகத்தை மட்டும் எடுத்துச் சொன்னது என் இரண்டாவது பிழை. அது "மேலே கண்ட கடன் நீங்கலாக" என்று தொடங்கியிருந்தது. பழகிய வாசகம் என்று கண்ணை ஓட்டினால் நடுவில் செருகிய "நீங்கலாக" தப்பிவிடும். சடங்கு வாசகத்தை விடலாம், ஆனால் படிக்காமல் விடக் கூடாது.

இரண்டாவது, எழுதிக்கொடுத்தவர்கள் யார் என்பது. "எனக்காகவும் என் மைனர் குமாரனுக்குக் கார்டியனாகவும்" என்று இருந்தால் அதைச் சுருக்கத்தில் "விற்றவர்" என்ற ஒற்றைச் சொல்லாக்கக் கூடாது. அதனால் சட்டப்படி என்ன ஆகும் என்று நான் சொல்வதில்லை, அது வழக்கறிஞர் வேலை. அப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்வது என் வேலை.

மூன்றாவது, தாளின் பின்புறம். படம் எடுப்பவர்கள் அதை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் "புத்தகம் 1, தொகுதி இன்னது, பக்கம் இன்னது, எண் இன்னது" என்று எழுதிய வரி அங்கேதான் இருக்கும். அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் புத்தகம் அது. அந்த எண் இருந்தால் மங்கிப்போன தாளை விட்டுவிட்டு அலுவலகத்திலேயே சான்றிட்ட நகல் வாங்கலாம். பத்து வரிச் சுருக்கத்திலும் இந்த வரிக்கு இடம் கொடுக்கிறேன்.

முழு மொழிபெயர்ப்பைத் தவிர்க்கவே முடியாத இடமும் இருக்கிறது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போய், தமிழ்ப் பத்திரத்தை அங்கே காட்ட வேண்டும் என்றால் சுருக்கம் செல்லாது, அஷ்டபோகங்கள் உட்பட எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டும். வங்கிக் கடனுக்குச் சொத்தின் சட்டக் கருத்து எழுதும் வழக்கறிஞர் கேட்டாலும் அப்படித்தான். நிலம் எங்கே இருக்கிறது, நம்முடையதா, எப்படிப் போவது என்று கேட்கிற குடும்பத்தாருக்கு அது தேவையில்லை. ஆகவே படம் வந்ததும் நான் முதலில் கேட்பது "எதற்காக?" என்பதைத்தான். அந்தப் பையனிடம் நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலியைப் பற்றி முதல் நாளே சொல்லியிருப்பான்.

பத்து வரிச் சுருக்கம் மட்டும் போதும் என்று இப்போது யாராவது வற்புறுத்தினால், கடைசியில் இரண்டு வரி கட்டாயம் சேர்க்கிறேன். ஒன்று, எவற்றை விட்டிருக்கிறேன் என்பது: "உரிமை மாற்றம் பற்றிய வழக்கமான வாசகங்கள் விடப்பட்டுள்ளன." மற்றது, எங்கே படிக்க முடியவில்லை என்பது: "மூன்றாம் பக்கத்தில் மடிப்பின் மேல் ஒரு சொல் தெளிவில்லை, தடம் எந்தப் புறம் என்பதை அது சொல்கிறது." இரண்டாவது வரி என் முதல் சுருக்கத்தில் இருந்திருந்தால் பையன் அந்த நிம்மதியை அடைந்திருக்க மாட்டான், அதுவே சரியாக இருந்திருக்கும்.

அவனிடம் படத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். கைப்பேசி விளக்கை அணைத்துவிட்டு, காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் தாளை விரித்து, மடிப்பின் மேல் கண்ணாடித் தகடு வைத்து, அந்த ஒரு வரியை மட்டும் நெருக்கமாக எடுக்கச் சொன்னேன். மை மங்கியிருந்தாலும் பேனா முள் அழுத்திய பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தெரியும். படம் அன்று மாலை வந்தது. முதல் எழுத்து பாதி அரித்துப்போயிருந்தது, அதன் கொம்பும் அடுத்த மெய்யின் புள்ளியும் தெரிந்தன. "தென்புறம்" என்றே நான் படித்தேன். ஆனால் மொழிபெயர்ப்பில் அப்படி எழுதிவிட்டு, பக்கத்திலேயே "முதல் எழுத்து சிதைந்துள்ளது, சான்றிட்ட நகலுடன் ஒப்பிட வேண்டும்" என்றும் எழுதி, பின்புறத்து எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். நகலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான்.