நிஜ முகமா, கார்ட்டூன் முகமா? இரண்டையும் செய்து பார்த்த கதை

பள்ளிப் பிள்ளைகளுக்கான மூன்று நிமிட அறிவியல் வீடியோக்களுக்கு ஒரு டீச்சர் பாத்திரம் தேவைப்பட்டது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் இரண்டு முகங்களைச் செய்தேன். ஒன்று, தோலின் துளை வரை நிஜப் பெண்ணைப் போல. இன்னொன்று, உருண்டைத் தலையும் புள்ளிக் கண்ணும் மட்டும். கடைசியில் உருண்டைத் தலையைத்தான் வைத்துக்கொண்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நிஜ முகம் செய்ய நாளாகும், கணினியும் திணறும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அசையாத படமாக வைத்துப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் புகைப்படம் என்றே நினைத்தார்கள். பிறகு அதைப் பேச வைத்தேன். ஆறு வயது அக்கா மகள் பத்து விநாடி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இந்த டீச்சர் செத்துட்டாங்களா?"

ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970-இல் எழுதியது இதைத்தான். பொம்மை மனிதரைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும். கிட்டத்தட்ட மனிதர் என்ற இடத்தில் திடீரென்று அருவருப்பில் விழும். இதைத்தான் 'அன்கேனி வேலி', அதாவது உறுத்தும் பள்ளத்தாக்கு என்கிறார்கள். தமிழில் எழுதினால் முள்வேலி ஞாபகம் வருவதால் நான் பள்ளம் என்றே சொல்கிறேன். அசைவு சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்பதையும் மோரி சேர்த்தே சொன்னார். அவர் வரைந்த வரைபடத்தில் அசையாத பிணம் பள்ளத்தில் கிடக்கிறது. நடமாடும் பிணம் அதற்கும் கீழே.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. முகம் செய்வது ஒரு முறை வேலை, கண் ஒவ்வொரு விநாடியும் வேலை. நிஜக் கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை, விநாடிக்கு மூன்று முறை போலத் தாவும். இமை நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை கொட்டும், அதுவும் சீராக அல்ல. வேகமாக மூடி மெதுவாகத் திறக்கும். மூட 2, 3 ஃபிரேம் போதும், திறக்க அதைவிடக் கூட வேண்டும். கண் கீழே போனால் மேல் இமையும் கூடவே இறங்க வேண்டும். சிரித்தால் கன்னம் ஏறி, கீழ் இமையைத் தள்ள வேண்டும். என் டீச்சர் வாயால் மட்டும் சிரித்தார், கண் அப்படியே நின்றது. செத்துட்டாங்களா என்று அக்கா மகள் கேட்டது இதனால்தான். சரிசெய்தேன். அடுத்த வீடியோவில் வசனம் மாறியது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

உருண்டைத் தலைக்கு இந்தக் கணக்கே இல்லை. புள்ளிக் கண் தாவாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். இமை கொட்ட மறந்தாலும், வாய் நான்கே வடிவத்தில் திறந்து மூடினாலும் டீச்சர் டீச்சர்தான். முகம் எவ்வளவு நிஜத்தைக் காட்டுகிறதோ, அவ்வளவு நிஜத்தைத்தான் பார்ப்பவர் அசைவிலும் எதிர்பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உறுத்துகிறது.

இடையில் ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். நிஜத் தோலை அப்படியே வைத்து, கார்ட்டூன் மாதிரி கண்ணை மட்டும் பெரிதாக்கினேன். மூன்றிலும் அதுதான் மகா மோசம். அப்புறம்தான் படித்தேன்: சேயாமா, நாகயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிய பெரிய கண், முகம் நிஜமாக இருக்கும்போதுதான் அதிகம் உறுத்துகிறது. ஆக, கலப்படம் வேண்டாம். தோல், கண், அசைவு, குரல் எல்லாம் ஒரே படியில் நிற்கட்டும். அந்த முகத்துக்கு இயந்திரக் குரல் ஒன்றையும் பொருத்திப் பார்த்தேன், அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

நிஜ முகத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. போஸ்டர், புத்தக அட்டை போன்ற அசையாத படங்களுக்கு இன்றும் அதைத்தான் எடுப்பேன். நடிகரின் முக அசைவைக் கேமராவில் பிடித்து, கண்ணுக்கென்றே தனி ஆள் வைத்துச் செய்யும் ஸ்டுடியோக்களில் பள்ளத்தைத் தாண்டலாம்; அங்கே நான் வேலை செய்ததில்லை, தூரத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன். தனி ஆளாக வாரம் ஒரு வீடியோ என்றால் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மோரியும் வடிவமைப்பாளர்களுக்குச் சொன்னது இதுதான்: பள்ளத்துக்கு அப்புறம் இருக்கும் உச்சியைக் குறி வைக்காதீர்கள், இந்தப் பக்கத்து மேட்டிலேயே நில்லுங்கள்.

உருண்டைத் தலை டீச்சரையும் அக்கா மகளிடம் காட்டினேன். "இவங்களுக்கு ஏன் மூக்கே இல்ல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வீடியோவைப் போடச் சொன்னாள்.