லீவு மெசேஜ்: எந்த வரிக்கு எந்தக் கேள்வி திரும்பி வரும்?

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். கருங்கலிலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கே பில்லிங் பார்க்கிறார் ஒரு பெண். கடை திறப்பது ஒன்பதரைக்கு. ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. காலை ஆறரைக்கு எழுந்தால் தலை சுற்றுகிறது. இன்று போக முடியாது என்பது முடிவாகிவிட்டது. மேனேஜருக்கு என்ன எழுதுவது என்பதுதான் பாக்கி. மனுஷர் நல்லவர், ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார். அன்றைக்குப் பார்த்துப் பத்தரைக்குக் கேரளத்துப் பாறசாலைக்கு ஒரு லோடு போக வேண்டும். மாநில எல்லை தாண்டுகிற சரக்கு, மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல். ஆகவே ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற சரக்குச் சீட்டான இ-வே பில் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. அதை எடுப்பது இவர் வேலை.

இந்த ஒரு காலையை வைத்து, நம்மூரில் வழக்கமாகப் போகிற மெசேஜ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நல்ல தமிழா, பணிவு போதுமா என்பதெல்லாம் அப்புறம். படித்து முடித்ததும் மேனேஜர் போனைக் கீழே வைப்பாரா, இவர் நம்பரை அமுக்குவாரா என்பதே அளவுகோல்.

> சார், உடம்பு சரியில்லை. இன்னைக்கு லீவு.

அதிகம் போகிற மெசேஜ் இதுதான். சின்னதாக இருப்பதால் நல்லது என்று தோன்றும். ஆனால் எட்டு மணிக்கே போன் வந்துவிடும். “உடம்பு சரியில்லை” என்று கேட்டவுடன் “என்ன ஆச்சு?” என்று விசாரிப்பது நம் வழக்கம், விசாரிக்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அதனால் இந்தக் கேள்வியை மெசேஜே கேட்டு வாங்குகிறது. அதைவிடப் பெரியது அடுத்த கேள்வி: “அந்தப் பாறசாலை லோடு?” அது மெசேஜில் இல்லை. இல்லாததைத் தெரிந்துகொள்ள அவர் கூப்பிடத்தான் வேண்டும், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

> சார், நேத்து கல்யாண வீட்டில் சாப்பிட்டது ஒத்துக்கலை போல. ராத்திரி ரெண்டு மணியிலிருந்து ஏழெட்டு தடவை போயாச்சு, வாந்தியும் இருக்கு. அம்மா மோரில் உப்பு போட்டுத் தந்தாங்க, நிக்கலை. இப்போ தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருக்கோம், அண்ணன் பைக்கில் கூட்டிட்டுப் போறான். மன்னிச்சிடுங்க சார், வேலை இருக்குன்னு தெரியும்…

முதல் மெசேஜில் குறைந்ததற்குப் பயந்து எழுதியது போல இருக்கிறது. இதில் எழுதிய ஒவ்வொன்றும் ஒரு புதுக் கேள்விக்கு வழி. யார் கல்யாணம்? எந்த மண்டபம்? வேறு யாருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை? தக்கலையில் எந்த டாக்டர்? இந்தக் கடைசிக் கேள்வி நம் மாவட்டத்தில் சும்மா வருவதில்லை. குமரியில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்று வேடிக்கையாகச் சொல்லுவார்கள். எந்த ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாலும் மேனேஜரின் மதினியோ பக்கத்து வீட்டுக்காரரோ அங்கே வேலை பார்ப்பார். “நான் சொல்லி வைக்கிறேன், நேரா போய்ப் பாரு” என்று உதவி ஆரம்பித்துவிடும். உதவிதான். ஆனால் அதற்கு மூன்று போன் பேச வேண்டும், படுக்க முடியாது. இத்தனை எழுதியும் லோடு என்ன ஆனது, நாளை வருவாரா என்கிற இரண்டும் இதிலும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர் இன்னொரு வகை. “அஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்று தொடங்கி, ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்வது. ஃபைலில் கோக்கிற அலுவலகங்களில் இதற்கு இடம் உண்டு. காலை வாட்ஸ்அப்பில் இது செய்கிற தவறு, வர முடியாத நிலையை ஒரு விண்ணப்பமாக மாற்றுவது. விண்ணப்பம் என்றால் எதிர்ப்பக்கம் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சொல்ல விவரம் கேட்பார், அல்லது பதிலே போடாமல் விடுவார். பதில் வராதவரை நீங்கள் போனையே பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். “லீவு கிடைக்குமா சார்?” என்று கேள்விக்குறியோடு முடிகிற மெசேஜுக்கும் இதே கதி.

> சார், கொஞ்சம் முடியலை. மத்தியானம் பார்த்துட்டு வர ட்ரை பண்றேன்.

இதுதான் இருப்பதிலேயே மோசம் என்பேன். பார்க்கப் பொறுப்பான மெசேஜ். ஆனால் மேனேஜர் மாற்று ஆளை உட்கார வைக்கவும் முடியாது, வைக்காமல் இருக்கவும் முடியாது. பதினொன்றுக்கு ஒரு போன், பன்னிரண்டரைக்கு ஒரு போன், “வர்றியா?” என்று. கடைசியில் வராமல் போனால் சொன்ன வாக்கும் போச்சு. உண்மையிலேயே மத்தியானம் முடியும் என்று தோன்றினால்கூட முழு நாள் லீவு சொல்லிவிடுவது மேல்.

இவற்றுக்குப் பக்கத்தில் இதை வையுங்கள்:

> சார், வயிறு சரியில்லை, இன்று செவ்வாய் வேலைக்கு வர முடியாது. நாளை வந்துவிடுவேன். பாறசாலை லோடுக்கு இ-வே பில் பகுதி ஏ நேற்றே போட்டாச்சு. பகுதி பி-யில் வண்டி நம்பர் மட்டும் போட வேண்டும், கவுண்டர் அண்ணனுக்குத் தெரியும். படுத்திருப்பேன், அவசரம் என்றால் மெசேஜ் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஐந்து வாக்கியம். முதல் வாக்கியத்தில் காரணம், நாள், முடிவு மூன்றும் வந்துவிட்டன. “வர முடியாது” என்பது தகவல். அனுமதி கேட்கவில்லை, திமிராகவும் இல்லை. “நாளை வந்துவிடுவேன்” என்பது எத்தனை நாள் என்ற கேள்வியை மூடுகிறது. மூன்றாவது, நான்காவது வாக்கியங்கள்தான் இங்கே உயிர். மேனேஜருக்குக் காலையில் உண்மையில் இருக்கிற கவலை வண்டி கிளம்புமா என்பது. அது தீர்ந்துவிட்டால் வயிற்றில் என்ன பிரச்சினை என்று கேட்க அவருக்கு நேரம் இருக்காது. எல்லா வேலையையும் பட்டியல் போட வேண்டாம். அன்று மத்தியானத்துக்குள் நின்றுபோகிற ஒரே ஒரு வேலையை மட்டும் சொன்னால் போதும். கடைசி வாக்கியம் போன் வராமல் தடுக்கிறது. “போன் பண்ணாதீங்க” என்று எழுதவில்லை, கேட்க ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டுப் படுத்தால் அம்மா நம்பருக்கு வரும்.

சரக்கு விவரம் போடுகிற பகுதி ஏ நேற்றே போடாமல் இருந்தால்? அப்போது அதையே சொல்ல வேண்டும்: “இன்வாய்ஸ் ரெடி, இ-வே பில் இன்னும் எடுக்கவில்லை.” மறைத்தால் பத்தரைக்குத் தெரிந்துவிடும், அந்தப் போன் நல்ல குரலில் வராது.

காரணமாக எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. “காய்ச்சல்” என்றால் சாதாரணமாகத் தோன்றும். மழைக்காலத்தில் இங்கே அப்படி இல்லை. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று எல்லோருக்கும் பயம் இருப்பதால், “டெஸ்ட் எடுத்தாச்சா? பிளேட்லெட் எவ்வளவு?” என்று கேள்வி தொடரும், பப்பாளி இலைச் சாறும் சிபாரிசு ஆகும். காய்ச்சல்தான் என்றால் காய்ச்சல் என்றே எழுதுங்கள், கூடவே “டாக்டரைப் பார்த்தாச்சு” அல்லது “இன்று காட்டுகிறேன்” என்று இரண்டு வார்த்தை சேருங்கள். “தலைவலி” என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். ஒற்றைத் தலைவலி என்றால், எழுந்து நிற்க முடியவில்லை என்பதையே எழுதுவது நல்லது. “வயிறு சரியில்லை” என்றால் ஒருவரும் மேலே கேட்பதில்லை, விவரம் யாருக்கும் வேண்டாம். அதற்காகக் காய்ச்சலை வயிறு என்று எழுத வேண்டியதில்லை. மறுநாள் இருமிக்கொண்டு போனால் தெரிந்துவிடும். மாதவிடாய் வலியோ வெளியில் சொல்ல விரும்பாத வேறு எதுவோ என்றால் “சுகமில்லை” போதும். அங்கே அடுத்த வாக்கியமாக உடனே வேலை விவரத்துக்குப் போய்விட வேண்டும், இடைவெளி விட்டால்தான் கேள்வி நுழையும்.

எதில் அனுப்புவது என்பதை நீட்ட வேண்டாம். மேனேஜருக்குத் தனியாக, எழுத்தில், கடை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரமாவது முன்பு. கடை குரூப்பில் போட்டால் பத்துப் பேர் “கெட் வெல் சூன்” போடுவார்கள், பதினோராவது ஆள் என்ன ஆச்சு என்று கேட்பார். வாய்ஸ் மெசேஜை பைக்கில் வருகிறவர் கேட்க மாட்டார். போன் செய்தே சொல்ல வேண்டும் என்கிற முதலாளிகளும் உண்டு. அங்கே போனில் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு, “விவரம் மெசேஜ் போட்டிருக்கேன் சார்” என்று முடித்துக்கொள்ளலாம். நாள் போட்ட எழுத்து பிற்பாடு உதவும். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், 1947, நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்புக்கு இடம் தருகிறது. மாதக் கடைசியில் இது அந்தக் கணக்கிலா, சம்பளப் பிடித்தமா என்ற பேச்சு வந்தால் காட்ட ஒன்று இருக்கும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் மேலே சொன்ன நல்ல மெசேஜும் தோற்கும். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காட்டுக் கொடை போன்ற நாட்களில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் உள்ளூர் விடுமுறை வரும், தனியார் கடைகள் பல திறந்திருக்கும். அன்று காலை “வயிறு சரியில்லை” என்று வந்தால் எந்த மேனேஜருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அன்றைக்கு மட்டும் ஒரு வாக்கியம் கூட வேண்டும்: “ஓ.பி. சீட்டு நாளை கொண்டுவருகிறேன்.” அவர் கேட்கும் முன்பே சொன்னால் பேச்சு அங்கேயே நிற்கும். மற்ற நாட்களில் ஒரு நாள் லீவுக்கு இதை எழுத வேண்டாம். சீட்டு தருவதாக நீங்களாக ஆரம்பித்தால் அடுத்த முறையும் எதிர்பார்ப்பார்கள்.

புதன்கிழமையும் எழ முடியவில்லை என்றால் முந்தின நாள் மெசேஜுக்குக் கீழேயே, அதே நேரத்தில், இன்னும் சின்னதாக:

> சார், இன்னும் சரியாகவில்லை, இன்றும் வர முடியாது. டாக்டரைப் பார்த்தாச்சு, இரண்டு நாள் ரெஸ்ட் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறேன், சர்டிபிகேட் கொண்டுவருகிறேன்.

இங்கே சர்டிபிகேட் தானாக வர வேண்டியதுதான். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற கடையென்றால் டிஸ்பென்சரி டாக்டர் தருகிற சர்டிபிகேட்தான் பணத்துக்குக் கணக்கு. நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை, பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. சர்டிபிகேட்டில் இருக்கிற தேதியும் மெசேஜில் எழுதிய தேதியும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.