சின்னத் தட்டா, பாத்திரத்தை அடுப்படியிலேயே விடுவதா?

அளவாகச் சாப்பிட நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: தட்டு புதிதாக வாங்கவேண்டும். பாத்திரத்தை நகர்த்தக் காசு வேண்டாம்.

வேலை செய்யும் விதம்: 28 செ.மீ. தட்டை விட 23 செ.மீ. தட்டின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு உணவு சின்னத் தட்டில் நிறைவாகத் தெரியும். 1865இல் பெல்ஜிய அறிஞர் டெல்பூஃப் விவரித்த கண்மயக்கம் இது. ஆனால் கண் ஏமாந்தாலும் கை குவித்துப் போட்டுவிடும். அடுத்தவர் அளந்து பரிமாறினால் தட்டின் அளவுக்கு வேலையே இல்லை. தட்டின் அளவு, உண்ணும் அளவு பற்றிய ஆய்வுகளில் பெயர்பெற்ற அமெரிக்க ஆய்வாளர் பிரையன் வான்சிங்கின் பல ஆய்வுகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அதனால் தட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பாத்திரம் எட்டாத தூரத்தில் இருந்தால், பேச்சுவாக்கில் இன்னொரு கரண்டி விழாது. எழுந்து போகவேண்டும், அந்த நொடியில் பசி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சிக்கல்: முதல் தடவையே மலைபோல் போட்டுக்கொண்டால் இதுவும் வீண்.

முதல் பரிமாறலே அதிகம் என்றால் தட்டை மாற்றுங்கள். இரண்டாம், மூன்றாம் தடவைதான் தொல்லை என்றால் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். காய்கறிக் கிண்ணம் மட்டும் மேசையிலேயே இருக்கட்டும்.